முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். லோயர் கேம்ப்பில் இறங்கி ஓடும் பெரியாற்றுத் தண்ணீரின் மேல் ஆணை. ஒரு சொல் பொய்யென்றாலும், சொன்ன வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே உதிரட்டும்.

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறவர் ராஜமணி. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்க, வண்டி பக்கத்தில் நின்று "குமுளி, குமுளி, ஒரே சீட்டு, ஏறுனா கெளம்பிரும்!" என்று கத்துவது அவர் தொழில். அந்தக் குரலைக் கேட்டு ஒருமுறை அரசுப் பேருந்து ஒன்று நடுரோட்டில் நின்றது. பயணிகள் இறங்கி ஜீப்பில் ஏறினார்கள். பின்னாலேயே பேருந்தின் டிரைவரும் இறங்கி வந்து ஏறினார்.

ஒரே சீட்டு என்று அவர் கத்தும்போது ஜீப்பில் ஈ கூட இருக்காது. ஊருக்கே அது தெரியும். ஏறுகிறவர்களும் தெரிந்துதான் ஏறுவார்கள். ஏறி உட்கார்ந்து, "என்னண்ணே, உங்க ஒரே சீட்டு இன்னும் எத்தன பேருக்கு?" என்று கேட்பார்கள். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் தெரிந்த பொய் பொய்யில் சேராது என்பது ராஜமணியின் கணக்கு. அந்தக் கணக்கு ஸ்டாண்டோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அவர் புத்தகம் எழுதினார்.

மலையிலிருந்து இறங்கி வரும் டிரைவர்கள் எல்லோரும் முதலில் அவரிடம்தான் வாயைத் திறப்பார்கள். எந்த வளைவில் மண் சரிந்தது, பனியில் எப்படி வந்தான், பிரேக் சூடேறியபோது என்ன செய்தான். முப்பது வருடம் கேட்டதையெல்லாம் திரட்டி, 'பயமில்லாமல் மலை ஏறலாம்' என்று எழுதி முடித்துவிட்டார். பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்று பதில் போடவில்லை. இன்னொன்று, தாங்கள் கவிதை மட்டும் போடுவதாகச் சொன்னது. ஆகவே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெபராணி நடத்தும் டி.டி.பி. சென்டருக்குப் போனார். கல்யாணப் பத்திரிகை, ஆதார் திருத்தம் எல்லாம் முடிந்த நேரத்தில் ஜெபராணி அதை அடித்து, மின்நூலாக்கி, ஆன்லைன் கடையில் ஏற்றினாள்.

கடைசியில் ஒரு கட்டம் காலியாக நின்றது.

"இது என்னம்மா?"

"ஆசிரியர் குறிப்புண்ணே. புத்தகத்துக்குக் கீழ வரும். நீங்க யாருன்னு நாலு வரி."

"அதெல்லாம் யாரு படிக்கப்போறா?"

"அதத்தாண்ணே மொதல்ல படிப்பாக. பதிப்பகம் பேரு இல்ல, பெரிய மனுசன் எழுதுன முன்னுரை இல்ல. காசு குடுக்குறவுக எத நம்பிக் குடுப்பாக? எழுதுன ஆளத்தான் பாப்பாக."

ராஜமணி யோசித்தார். அந்தக் கட்டம் அவருக்குக் காலி ஜீப்பாகத் தெரிந்தது. ஆள் ஏற்ற வேண்டும். வாய் தானாகத் திறந்தது.

"போடு. 'முப்பது வருடங்களாகக் குமுளி மலைப்பாதையில் ஜீப் ஓட்டி வருபவர்.'"

ஜெபராணியின் விரல் நின்றது. "நீங்க சைக்கிளே தள்ளிட்டுத்தானண்ணே வருவீக."

"ஸ்டாண்டுல ஒரே சீட்டுன்னு கத்துறேன்ல? அது மாதிரி இது. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா? தூத்துக்குடியில இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ஏன் இந்த மலைக்கு வரப்போறான்? அடுத்தது போடு. 'இதுவரை ஒரு சிறு விபத்தையும் சந்தித்ததில்லை.' இதாவது உண்மையா இல்லையா?"

அது உண்மைதான். ஸ்டீயரிங்கைத் தொடாதவனுக்கு விபத்து ஏது? ஜெபராணி "கர்த்தரே" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடித்தாள். கடைக்காரனாவது ஆதாரம் கேட்பான் என்று அவள் நினைத்தாள். கடை ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியர் தன்னைப் பற்றி என்ன எழுதினாலும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. நின்றுகொண்டிருந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ராஜமணி எடுத்துக்கொண்ட படமும் ஏறியது. போன் நம்பர், மெயில் என்று எதுவும் வேண்டாம் என்று ராஜமணியே சொல்லிவிட்டார். பெரிய எழுத்தாளர் நம்பர் கொடுக்க மாட்டாராம்.

புத்தகம் மெல்ல விற்றது. விற்ற எண்ணிக்கையை ஜெபராணியின் கம்ப்யூட்டர் காட்டும். வாங்கியது யாரென்று காட்டாது. ராஜமணிக்கு அது போதும். சாயங்காலம் வந்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஸ்டாண்டுக்குத் திரும்புவார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, முதல் விமர்சனம் வந்தது. ஐந்து நட்சத்திரம். பெயர் சானியா, ஊர் உத்தமபாளையம். ஜெபராணி அதை ராஜமணியின் போனுக்கு அனுப்பினாள். அவர் அதை ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில், ஜீப் டிரைவர் விஜயபாண்டியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். தான் படித்தால் பெருமை குறைந்துவிடும் என்று.

விஜயபாண்டி படித்தான். "'பதிப்பகம் பெயர் இல்லாததால் முதலில் தயங்கினேன். ஆசிரியர் குறிப்பைப் பார்த்த பிறகே வாங்கினேன். முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவர் சொல்வதை நம்பலாம்.' அடேங்கப்பா! யாருண்ணே அது முப்பது வருசம் ஓட்டுனவரு? நம்ம ஸ்டாண்டுல பாத்ததே இல்லையே!"

"மேல படிலே."

"'அத்தா இறந்த பிறகு எங்கள் காரை ஓட்ட ஆளில்லை. அம்மாவுக்குப் பேருந்தில் வாந்தி வரும். குமுளியில் படுக்கையில் இருக்கும் பெரியம்மாவை அவர் பார்த்து ஒரு வருடமாகிறது. இந்தப் புத்தகத்தின் தைரியத்தில் வரும் ஞாயிறு காலை நானே அம்மாவைக் கூட்டிப் போகிறேன். இறங்கும்போது ஏழாம் அத்தியாயத்தில் சொன்னபடியே இறங்குவேன்.'" விஜயபாண்டி நிமிர்ந்தான். "ஏழாம் அத்தியாயத்துல என்னண்ணே எழுதிருக்கீக?"

"நம்ம டிரைவர் கர்ணன் சொன்னதுதான். கீழ வரும்போது கியர எடுத்து நியூட்ரல்ல போட்டுட்டா வண்டி தானா இறங்கிரும், டீசல் மிச்சம்னு."

விஜயபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே. அது கர்ணன் பீத்திக்கிட்டது. அவன் பேச்சுல பாதியக் கழிச்சுட்டுத்தானே நாங்க கேப்போம். ஏறுன கியர்லதாண்ணே இறங்கணும். எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிரும். நியூட்ரல்ல போட்டா மொத்த பாரமும் பிரேக்குலதான். அமுக்கி அமுக்கி சூடேறி, பாதி மலையில பிரேக் பிடிக்காது. அந்தப் புள்ள புதுசா ஓட்டுது வேற."

"நெசமாவா?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் கேட்டவுடனே சிரிச்சிருப்பான்ணே. நீங்க எழுதி வச்சிருக்கீக."

ராஜமணிக்கு அப்போது வாயிலிருந்த டீ உப்புக் கரித்தது. சர்க்கரை போட்டாயா என்று கடைக்காரரைக் கேட்டார். அவர் போட்டதாகச் சொன்னார். இன்னொரு கரண்டி போட்டும் உப்புத்தான்.

டி.டி.பி. சென்டருக்கு ஓடினார். "அந்தப் புள்ளைக்கு ஒரு வரி எழுதும்மா. நியூட்ரல் வேண்டாம்னு."

"எங்கனண்ணே எழுத? விமர்சனத்துக்கு நம்ம பதில் போட வழி இல்ல. வாங்குனவுக விலாசம் கடைக்காரன் தர மாட்டான்."

"புத்தகத்த மாத்து."

"மாத்தி ஏத்துறேன். அவுக சரிபாத்து வெளியிட ஒரு நாளு, ரெண்டு நாளு ஆகும். ஆனா ஏற்கெனவே வாங்குனவுக போன்ல பழசுதான் கெடக்கும்."

"ஆசிரியர் குறிப்புல போடு!"

"போடலாம். அதுவும் உடனே தெரியாது. வாங்கி முடிச்சவுக திரும்பி வந்து அதப் பாப்பாகளா?" ஜெபராணி அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நம்பரு போட்டிருந்தா அந்தப் புள்ளையே ஒரு வார்த்த கேட்டிருக்கும்ணே."

அன்றும் மறுநாளும் ராஜமணி ஸ்டாண்டில் வாயைத் திறந்து திறந்து பார்த்தார். 'ஒரே சீட்டு' வெளியே வரவே மாட்டேனென்றது. வேறு வழியில்லாமல், "குமுளி, குமுளி, இன்னும் எட்டுப் பேரு வரணும்!" என்று கத்தினார். ஏற வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தார்கள். "உண்மையச் சொல்றாரே, வண்டியில என்னமோ கோளாறுப்பா" என்று நடந்தே போய்விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் குமுளிக்கே நடந்து போனதாகப் பிறகு தகவல் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் ராஜமணி லோயர் கேம்ப்பில் நின்றார். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம். எந்த வண்டியும் அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். கையில் ஓர் அட்டை. அதில் 'நியூட்ரல் வேண்டாம்' என்று ஜெபராணி பெரிதாக அடித்துக் கொடுத்திருந்தாள்.

வருகிற காரையெல்லாம் மறித்தார். ஓட்டுவது பெண்ணா, பக்கத்தில் அம்மாவா என்று குனிந்து பார்த்தார். கேரள நம்பர் கார் ஒன்றில் ஒரு பெண்மணி கண்ணாடியை இறக்கி, "எந்தா சேட்டா, பைசயா?" என்று பத்து ரூபாயை நீட்டினார். வேண்டாமென்று கை கூப்பி, "எம் புத்தகம் படிச்சிருக்கீகளா?" என்று கேட்டார். அந்தப் பெண்மணி நோட்டை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

செக்போஸ்ட் போலீஸ்காரர் வந்தார். "யோவ், என்னய்யா பண்ற?"

"எழுத்தாளர் சார்."

"அதுக்கு எதுக்குய்யா ரோட்டுல நிக்கிற?"

"வாசகர் வருவாக சார்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ஓரமாக நின்றுகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பழைய வெள்ளைக் கார், மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. பின்னால் ஆறேழு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி ஒரு பெண். பக்கத்தில் தலையில் முந்தானை போட்ட அம்மா, மடியில் பிளாஸ்டிக் பை. ராஜமணி காருக்கு முன்னால் பாய்ந்தார். கார் நின்றது. பிரேக்கைப் பொறுத்தவரை அந்தப் பெண் கெட்டிக்காரிதான்.

"சானியாவா தாயி?"

அந்தப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அம்மா! இவுகதான்! புத்தகம் எழுதுனவுக! போட்டோல பாத்தேன்ல!"

அந்த அம்மா, அம்சத் பீவி, கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "அல்லாவே அனுப்பி வச்ச மாதிரில்ல இருக்கு! அண்ணே, இந்தப் புள்ள ஓட்டி நான் உத்தமபாளையத்துல இருந்து ஓதிக்கிட்டே வாரேன். நீங்க முன்னாடி உக்காருங்க. நீங்களே மேல கொண்டுபோய் விட்டுருங்க. முப்பது வருசம் ஓட்டுன கை!"

சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டிலிருந்து மகளை இறங்கும்படி கையாட்டினார். சானியாவும் சந்தோசமாக இறங்கிச் சாவியை நீட்டினாள்.

முப்பது வருடத்தில் ராஜமணி எத்தனையோ ஆளைச் சமாளித்தவர். கண்ணில் தூசி, கை சுளுக்கு, லைசென்ஸ் வீட்டில் என்று அந்த நொடியிலேயே மூன்று பொய் வாய் வாசலில் வந்து நின்றன. சாவியைப் பார்த்தார். அதில் சின்னதாகப் பழைய தோல் வளையம், 'அப்துல் ஜலீல்' என்று பொறித்தது. இறந்துபோன அந்த அத்தாவின் பெயராக இருக்க வேண்டும்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது தாயி."

"என்னது?"

"ஆள் ஏத்துற வேல. ஸ்டாண்டுல. டிரைவருக சொன்னதக் கேட்டு எழுதுனேன். நியூட்ரல்ல இறங்கலாம்னு எழுதுனது தப்பு. அதச் சொல்லத்தான் காலையில இருந்து நிக்கிறேன். ஏறுன கியர்லயே இறங்கணுமாம்."

முதலில் பேசியது பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன்தான்.

"அப்ப அந்த முப்பது வருசம்?" நீட்டிய சாவியைச் சானியா பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சும்மா போட்டது."

"சும்மாவா? நான் அந்த ஒரு வரிய நம்பித்தான எங்கம்மாவ வண்டில ஏத்துனேன்? இல்லாட்டி வாடக காரு பிடிச்சிருப்பேன். எங்க அத்தா இருந்தா உங்கள..." மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராஜமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அம்சத் பீவிதான் கேட்டார். "மத்ததெல்லாமாவது நெசமா, அதுவும் அளந்ததுதானா?"

"விஜயபாண்டி ரெண்டு நாளா ஒக்காந்து முழுசும் படிச்சுட்டான்மா. அவன் இதே மலையில ஓட்டுறவன். அந்த ஒண்ணுதான் தப்புன்னான்."

"அப்படின்னா பின்னாடி ஏறுங்க," என்றாள் சானியா. "உங்க புத்தகத்த நம்பி உங்களையே ஏத்திப் பாப்போம்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராஜமணி முப்பது வருடம் குமுளி, குமுளி என்று கத்தியவரே தவிர, குமுளியைப் பார்த்ததில்லை. மலை வளைவென்றாலே அவருக்குப் பயம். இருந்தாலும் ஏறினார். முதல் வளைவில் மூடிய கண்ணை, ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் திறந்தார். திறந்தபோது குமுளி.

பெரியம்மா வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்காவும் தங்கையும் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு சிரிக்கிற சத்தம். இந்தச் சிரிப்புக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ராஜமணி தனக்குள் சொல்லிக்கொண்டார். காபி வந்தது. அதுவும் உப்புக் கரித்தது.

இறங்கும்போது சானியா ஏறிய அதே கியரில் வண்டியை விட்டாள். எஞ்சின் உறுமியது. பின்னால் வந்தவன் திட்டினான். அவள் அசையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ராஜமணி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை கியர் கம்பிப் பக்கம் போன ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு வயது கூடியது. லோயர் கேம்ப் வந்தபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். கூடலூர் வந்ததும் பழையபடி குறைந்துவிட்டது.

டி.டி.பி. சென்டரை ஞாயிறு ஆராதனை முடித்து அப்போதுதான் ஜெபராணி திறந்திருந்தாள். சானியா நேரே உள்ளே வந்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, அந்தக் குறிப்ப எடுங்க. எத எழுதினா நான் நம்பி வாங்கியிருப்பேன்னு நான் சொல்றேன். இவுக சொல்லட்டும், நீங்க அடிங்க."

ராஜமணி பதிப்பகம், பெரிய மனுசன் என்று ஏதோ தொடங்கினார். சானியா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குப் பெரிய மனுசன் வேண்டாம். நீங்க யாரு, இது உங்களுக்கு எப்படித் தெரியும், யாரு சரி பாத்தா, தப்பிருந்தா யாரக் கேக்க. அம்புட்டுத்தான். 'நான்'னே எழுதுங்க. உங்களுக்கு நீங்களே 'அவர்' போட்டுக்க வேண்டாம்."

முக்கி முனகி, அழித்து அடித்து, கடைசியில் வந்தது இது:

'எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறேன். மலையிலிருந்து இறங்கி வந்த டிரைவர்கள் சொன்னதைக் கேட்டு இந்தப் புத்தகத்தை எழுதினேன். இதே மலையில் ஜீப் ஓட்டும் விஜயபாண்டி முழுவதையும் படித்துத் திருத்தியிருக்கிறார். முதலில் வந்த பிரதியில், நியூட்ரலில் இறங்கலாம் என்று தவறாக எழுதியிருந்தேன். இறங்காதீர்கள். பழைய பிரதி இருந்தால் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு தவறு தெரிந்தால் கீழே உள்ள மெயிலுக்கு எழுதுங்கள். நானே படிப்பேன்.'

"போன் நம்பரு?" என்றார் ராஜமணி, பாவத்துக்குப் பரிகாரமாக.

"உலகமே பாக்குற எடத்துல நம்பர் வேண்டாம்ணே, மெயில் போதும்," என்றாள் ஜெபராணி. அங்கேயே ஒரு மெயில் உருவாக்கி, அதை அவர் போனிலும் போட்டுக் கொடுத்தாள். ஸ்டீயரிங் படத்தை எடுத்துவிட்டு, ஜீப் பக்கத்தில் வாயைத் திறந்து கத்தும் படத்தை ஏற்றினாள்.

சானியா தன் விமர்சனத்தைத் தன் போனிலேயே திருத்தினாள். ஐந்து நட்சத்திரம் மூன்றானது. 'ஏழாம் அத்தியாயத்தை நம்பாதீர்கள், ஆசிரியரே வந்து சொன்னார்' என்று சேர்த்தாள். ராஜமணி அந்த மூன்றைப் பார்த்தார். அது அதிகம் என்று அவருக்குப் பட்டது.

மெயிலுக்கு முதலில் எழுதியவர் வால்பாறை டிரைவர் ஒருவர். 'ஓட்டத் தெரியாதென்று ஒத்துக்கொண்ட ஒரே ஆசிரியர் நீங்கள்தான், அதனால் வாங்கினேன்' என்று தொடங்கி, பனி மூட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இரண்டு திருத்தம் சொல்லியிருந்தார். இரண்டும் சரி என்றான் விஜயபாண்டி. பிறகு திருத்தம் சொல்லவென்றே ஆட்கள் வாங்கினார்கள்.

ஆனால் சானியாவுக்கு முன்னால் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் யாரும் எழுதவில்லை. ஜெபராணியின் கம்ப்யூட்டரில் அவர்கள் ஓர் எண்ணாக மட்டும் இருந்தார்கள். அதை ராஜமணி இப்போதும் சாயங்காலம் போய்ப் பார்க்கிறார், நெஞ்சை நிமிர்த்தாமல். எந்த மலையில், எந்த வளைவில், யார் கை கியர் கம்பிப் பக்கம் போகிறதோ. ஞாயிறு தவறாமல் அந்த அட்டையோடு லோயர் கேம்ப்பில் நிற்கிறார். போலீஸ்காரர் இப்போது அவருக்கென்று நிழலில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரு பொய் வந்ததில்லை. வந்தால் டீ உப்புக் கரிக்கும்.

இவ்வளவையும் ராஜமணியே தன் வாயால் சொன்னார், கூடலூர் ஸ்டாண்டில், 'ஒரே சீட்டு, ஏறுனா கெளம்பிரும்' என்று சொல்லி ஆள் ஏற்றிய ஜீப் பக்கத்தில் நின்று; அவர் சொல்லி முடித்தபோது அந்த ஜீப்பில் ஏழு சீட்டு காலியாக இருந்தது.